எம்ஓயூ எழுதும் முறை: எது கட்டுப்படுத்தக் கூடாது, எது கட்டுப்படுத்தியே ஆக வேண்டும்

தொழிலை வாங்கவோ விற்கவோ பேசுபவர்கள், முதல் இரண்டு சந்திப்பு நன்றாகப் போனதும், “சரி, ஒரு எம்ஓயூ போட்டுக்கலாம்” என்பார்கள். முறையான ஒப்பந்தத்துக்கு முன் எழுதும் புரிந்துணர்வுக் குறிப்பு அது. அப்படி எழுதிய தாள்களைப் பார்ப்பது என் அன்றாட வேலை. புதிதாக எழுதுபவர்கள் இரண்டு இடங்களில் தடுக்கி விழுகிறார்கள். சிலர் “இது சட்டப்படி கட்டுப்படுத்தாது” என்று ஒரே வரியை மேலே போட்டு, கீழே உள்ள ரகசியப் பிரிவையும் சேர்த்துச் செல்லாமல் ஆக்கிவிடுகிறார்கள். சிலர் அந்த வரியையே மறந்துவிட்டு, இன்னும் பேசி முடிக்காத விலைக்குத் தாங்களே மாட்டிக்கொள்கிறார்கள். கீழே உள்ள வரிசையில் எழுதினால் இரண்டையும் தவிர்க்கலாம்.

விளக்க ஒரு கற்பனை உதாரணத்தைக் கடைசி வரை வைத்துக்கொள்வோம். சிங்கப்பூரில் தேக்கா பக்கம் இரண்டு உணவகம் நடத்தும் ஒருவர், செனோக்கோவில் உள்ள ஒரு மத்திய சமையற்கூடத்தை வாங்கப் பேசுகிறார். பேச்சில் இருக்கும் விலை ஏறத்தாழ 400,000 வெள்ளி. கட்டட உரிமையாளரின் சம்மதம், உணவு உரிமம், கணக்குப் புத்தகம் எதையும் இன்னும் பார்க்கவில்லை.

1. எழுத உட்காரும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் எதிர்த் தரப்பு யார் என்று பாருங்கள். நிறுவனப் பதிவுகளுக்கான அரசின் பிஸ்ஃபைல் தளத்தில் நிறுவனத்தின் முழுப் பெயர், யுஇஎன் என்ற பதிவு எண், இயக்குநர்கள் யார் என்பவை கிடைக்கும். உங்களிடம் பேசுபவர் சமையற்கூடத்தின் முதலாளியாக இருக்கலாம். ஆனால் இயந்திரங்களும் வாடகை ஒப்பந்தமும் அவருடைய இன்னொரு நிறுவனத்தின் பெயரில் இருக்கலாம். தவறான நிறுவனம் கையெழுத்துப் போட்டால், நீங்கள் கவனமாக எழுதிய பிரிவுகள் உங்களுக்கு வேண்டிய ஆளைத் தொடாது.

அப்புறம் ஒரு தாளில் மூன்று பட்டியல் எழுதுங்கள்: முடிவாகிவிட்டவை, பேச வேண்டியவை, பேச்சின்போது நீங்கள் வெளியே சொல்லப்போகும் ரகசியங்கள். நம் உதாரணத்தில் முதல் பட்டியலில் அநேகமாக ஒன்றும் இருக்காது. 400,000 வெள்ளி கூட இயந்திரங்களின் நிலையைப் பார்த்தபின் மாறலாம். மூன்றாவது பட்டியல் நீளும்: மொத்த வாடிக்கையாளர்கள் யார், எந்த விலைக்குச் சப்ளை போகிறது, மசாலா அளவுகள், ஊழியர் சம்பளம். ரகசியப் பிரிவு எவ்வளவு பலமாக இருக்க வேண்டும் என்பதை இந்த மூன்றாவது பட்டியல்தான் முடிவு செய்யும்.

2. ஏன் பெரும்பாலும் கட்டுப்படுத்தாது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்

இந்தக் காரணங்கள் தெரியாமல் மாதிரிப் படிவத்தைக் காப்பியடிப்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. காரணங்கள் மூன்று.

ஒன்று, எண்ணம். சிங்கப்பூர்ச் சட்டத்தில் ஒப்பந்தம் உருவாக, சட்டப்படி கட்டுப்பட வேண்டும் என்ற எண்ணம் இரு தரப்புக்கும் இருக்க வேண்டும். வணிகப் பேச்சு என்றால் அந்த எண்ணம் இருப்பதாகவே நீதிமன்றம் முதலில் எடுத்துக்கொள்ளும். அதை உடைக்கத் தெளிவான வார்த்தை வேண்டும். ‘சப்ஜெக்ட் டு கான்ட்ராக்ட்’ என்ற பழைய சொற்றொடர் அதற்காகத்தான் இருக்கிறது. முறையான ஒப்பந்தம் கையெழுத்தாகும் வரை யாரும் கட்டுப்படவில்லை என்று பொருள்.

இரண்டு, தெளிவு. விலை, எந்தச் சொத்து, எப்போது கைமாறும் என்பவை தீர்மானமாகவில்லை என்றால், நிறைவேற்றச் சொல்ல நீதிமன்றத்துக்கு எதுவும் இருக்காது. மீதியைத் தானே எழுதி நிரப்ப அது விரும்புவதில்லை.

மூன்று, ‘பேசி முடிப்போம்’ என்ற வாக்குறுதி பொதுவாகச் செல்லாது. இதற்கு எல்லோரும் சுட்டும் தீர்ப்பு 1992-இல், அப்போது பிரிட்டனின் மிக உயர்ந்த நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை தந்த வால்ஃபோர்ட் எதிர் மைல்ஸ். புகைப்படம் கழுவும் ஒரு தொழிலை 20 லட்சம் பவுனுக்கு விற்கப் பேச்சு நடந்தது. மற்றவர்களோடு பேசுவதை நிறுத்துவதாக விற்பவர் சொன்னார். பிறகு வேறொருவருக்கு விற்றுவிட்டார். பேச்சில் ஒவ்வொரு தரப்பும் தன் நலனைப் பார்க்க உரிமை உண்டு, நல்லெண்ணத்தோடு பேசும் கடமை அதோடு ஒத்துப்போகாது என்று சபை சொன்னது. வாங்க நினைத்தவர்களுக்குக் கடைசியில் கிடைத்தது, தவறான தகவலால் வீணான செலவுக்கு 700 பவுன் மட்டுமே.

சிங்கப்பூர் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2012-இல் எச்எஸ்பிசி இன்ஸ்டிட்யூஷனல் டிரஸ்ட் எதிர் டோஷின் வழக்கில் கொஞ்சம் வேறு விதமாகப் போனது. அங்கே ஏற்கெனவே கட்டுப்படுத்தும் வாடகை ஒப்பந்தம் இருந்தது. அதற்குள் புதிய வாடகையை நல்லெண்ணத்தோடு பேசித் தீர்மானிக்க முயல வேண்டும் என்ற பிரிவு இருந்தது. அந்தப் பிரிவு செல்லும் என்றது நீதிமன்றம். இதைப் பார்த்துவிட்டு, “நல்லெண்ணத்தோடு பேசுவோம்னு எம்ஓயூல எழுதிட்டேன், போதும்” என்று நிம்மதியாக இருப்பவர்கள் உண்டு. புதிதாகப் பேசத் தொடங்கும் இரண்டு தரப்புக்கு அந்தத் தீர்ப்பை நம்பி இறங்குவது என் பார்வையில் ஆபத்து. நம்ப வேண்டியதை எல்லையுள்ள வாக்குறுதியாக மாற்றி எழுதுங்கள். எப்படி என்று 5-ஆம் பகுதியில் வருகிறது.

இன்னொன்றும் நினைவில் இருக்கட்டும். தாளின் தலைப்பில் என்ன பெயர் போட்டிருக்கிறது என்பதை மட்டும் வைத்து நீதிமன்றம் முடிவு செய்யாது. உள்ளே உள்ள வார்த்தைகளையும் நடந்துகொண்ட விதத்தையும் வெளியிலிருந்து பார்க்கும் நியாயமான ஆள் எப்படிப் புரிந்துகொள்வார் என்றே பார்க்கும்.

3. கட்டுப்படுத்தாத பகுதியை முதலில் எழுதுங்கள்

இந்தப் பகுதியில் விலை, சொத்துப் பட்டியல், ஊழியரை எடுத்துக்கொள்வது, கைமாறும் உத்தேச நாள் வரும். இதை ஏன் எழுத வேண்டும்? பேச்சு எந்த நிலையில் நின்றது என்று இரு தரப்பும் ஒரே மாதிரி நினைவில் வைத்திருக்க.

இங்கே வினைச்சொல்லில் கவனம் வேண்டும். ஆங்கிலத்தில் எழுதும்போது பலர் பழக்கத்தில் ‘ஷால்’ போட்டுவிடுகிறார்கள். “வாங்குபவர் 400,000 வெள்ளி செலுத்த வேண்டும்” என்ற தொனி அது. அதற்குப் பதிலாக “தற்போதைய எண்ணப்படி விலை 400,000 வெள்ளி அளவில் இருக்கும், கணக்குகளையும் இயந்திரங்களையும் பார்த்தபின் இது மாறலாம்” என்று எழுதுங்கள். கடமையைச் சொல்லும் வினையை அடுத்த பகுதிக்கு மிச்சம் வைத்தால், எந்த வரி வாக்குறுதி, எந்த வரி உத்தேசம் என்று படிப்பவருக்கே புரிந்துவிடும்.

உரிமம், கட்டட உரிமையாளரின் சம்மதம் போன்ற மூன்றாம் தரப்பு விஷயங்களையும் இங்கேயே சொல்லிவிடுங்கள். அவை கிடைக்காமல் எதுவும் முடியாது என்பது எழுத்தில் இருந்தால், பிறகு “நீங்க வாங்குறேன்னு சொன்னீங்களே அண்ணே” என்ற மனஸ்தாபம் குறையும்.

4. இரண்டு பகுதியையும் பிரிக்கும் ஒரே வாக்கியம்

ஆவணத்திலேயே மிகவும் கவனமாக எழுத வேண்டிய வரி இது. பொருள் இப்படி இருக்கட்டும், இதில் வரும் எண்கள் உங்கள் எம்ஓயூவின் பிரிவு எண்கள்:

“5 முதல் 9 வரையிலான பிரிவுகளும் இந்தப் பிரிவும் கையெழுத்தான நாளிலிருந்து இரு தரப்பையும் சட்டப்படி கட்டுப்படுத்தும். மற்ற எந்தப் பிரிவும் கட்டுப்படுத்தாது. முறையான ஒப்பந்தம் எழுத்தில் கையெழுத்தாகும் வரை வாங்கவோ விற்கவோ எந்தத் தரப்புக்கும் கடமை இல்லை.”

மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். பிரிவு எண்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டிருக்கிறது. “ரகசியம் முதலியவை” என்று மொட்டையாக விட்டால் சண்டை அந்த ‘முதலியவை’யில்தான் தொடங்கும். இந்த வாக்கியமே கட்டுப்படுத்தும் பட்டியலில் சேர்ந்திருக்கிறது. இல்லாவிட்டால் கட்டுப்படுத்தாத பிரிவு ஒன்று மற்றவற்றின் தலைவிதியை எழுதுவதாகிவிடும். கடைசியாக, ஆவணம் திருத்தப்பட்டுப் பிரிவு எண்கள் நகரும்போது இந்த வரியில் உள்ள எண்களையும் மாற்ற வேண்டும். அடிக்கடி விட்டுப்போவது இதுதான். கையெழுத்துக்கு முன் கடைசி வேலையாக எண்களை ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள்.

5. ‘வேறு யாரிடமும் பேச மாட்டேன்’ என்ற உறுதி

வாங்குபவருக்குப் பெரிய பாதுகாப்பு இங்கேதான். கணக்காளருக்கும் வழக்கறிஞருக்கும் செலவு செய்யும்போது, விற்பவர் உங்கள் விலையைக் காட்டி வேறொருவரிடம் பேரம் பேசிக்கொண்டிருக்கக் கூடாது.

வால்ஃபோர்ட் வழக்கில் இந்த வாக்குறுதி தோற்றதற்கு ஒரு காரணம், அதற்குக் கால எல்லை இல்லாதது. ஓராண்டு கழித்து முடிவான பிட் எதிர் பிஎச்எச் வழக்கில் நிலைமை தலைகீழ். சஃபோக் பகுதியில் ஒரு வீட்டை 200,000 பவுனுக்கு வாங்க நினைத்தவரிடம், இரண்டு வாரத்துக்குள் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தைப் பரிமாறிக்கொண்டால் வேறு யாருடைய விலையையும் பார்ப்பதில்லை என்று விற்பவர் ஒப்புக்கொண்டார். பிறகு போட்டிக்காரருக்கு விற்றார். இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம், அந்த இரண்டு வார வாக்குறுதி செல்லும், மீறியதற்கு இழப்பீடு உண்டு என்றது. இவை ஆங்கிலேயத் தீர்ப்புகள் என்றாலும், சிங்கப்பூர் ஒப்பந்தச் சட்டம் அந்த மரபில் வளர்ந்தது. வழக்கறிஞர்கள் இங்கேயும் இவற்றை எடுத்துப் பேசுவார்கள்.

இதிலிருந்து எழுதும் முறைக்கு மூன்று பாடம் கிடைக்கிறது.

முதலாவது, செய்யாமல் இருப்பதை எழுதுங்கள். “வேறு எவருடனும் பேச மாட்டோம், பேச்சைத் தொடர மாட்டோம், தகவல் தர மாட்டோம்” என்பது மீறப்பட்டதா என்று பார்க்க முடிந்த வாக்குறுதி. “எங்களோடு மட்டும் உண்மையாகப் பேசுவோம்” என்பதை அளக்க முடியாது.

இரண்டாவது, தொடக்க நாளும் முடிவு நாளும் போடுங்கள். நம் உதாரணத்துக்கு 45 நாள் சரியாக இருக்கும்: கணக்கைப் பார்க்க மூன்று வாரம், கட்டட உரிமையாளரிடம் பேச இரண்டு வாரம், மீதி ஒப்பந்தத்தைத் திருத்தி முடிக்க. “பேச்சு முடியும் வரை” என்று எழுதினால் வால்ஃபோர்ட் பக்கம் போய்விடுகிறீர்கள். எவ்வளவு நாள் என்பதை வேலைப் பட்டியலிலிருந்து கணக்கிட்டால், விற்பவரும் ஏன் இவ்வளவு என்று கேட்க மாட்டார்.

மூன்றாவது, பதிலுக்கு ஏதாவது கொடுங்கள். சிங்கப்பூரில் ஒரு வாக்குறுதி ஒப்பந்தமாக நிற்க, பதிலுக்கு மறு தரப்பும் ஏதாவது தரவோ ஒப்புக்கொள்ளவோ வேண்டும். விற்பவர் மட்டும் வாயைக் கட்டிக்கொண்டு, வாங்குபவர் எதுவும் ஒப்புக்கொள்ளாவிட்டால் அந்த வாக்குறுதி வலுவிழக்கும். வாங்குபவர் “14 நாளுக்குள் கணக்காளரை அமர்த்துவேன், 30-ஆம் நாளுக்குள் ஒப்பந்த வரைவை அனுப்புவேன்” என்று ஒப்புக்கொள்வது பொருத்தமான பதில். இல்லையென்றால் ஆவணத்தை, பதிலுக்கு எதுவும் தரத் தேவையில்லாத டீட் என்ற பத்திர வடிவில் கையெழுத்திடலாம். அதற்குத் தனி முறை இருப்பதால் வழக்கறிஞர் மூலம் செய்யுங்கள்.

மீறினால் என்ன கிடைக்கும் என்பதையும் முன்கூட்டியே அறிந்துகொள்ளுங்கள். விற்பவர் உங்களுக்கு விற்பதாக வாக்குத் தரவில்லை. ஆகையால் தொழில் கிடைத்திருந்தால் வந்திருக்கும் லாபத்தைக் கேட்பது கடினம். வீணான செலவைக் கேட்பதுதான் யதார்த்தம். அதனால்தான் 7-ஆம் பகுதி தேவைப்படுகிறது.

6. ரகசியம்

எம்ஓயூவில் ரகசியப் பிரிவு இல்லாவிட்டாலும் சட்டம் ஓரளவு காக்கும். 2020-இல் ஐ-அட்மின் எதிர் ஹாங் யிங் டிங் வழக்கில் சிங்கப்பூர் மேல்முறையீட்டு நீதிமன்றம் ரகசியத் தகவலின் உரிமையாளருக்குச் சாதகமாக வழியைத் திறந்தது: தகவல் ரகசியத் தன்மை உடையது, நம்பிக்கையின் பேரில் கொடுக்கப்பட்டது என்று அவர் காட்டிவிட்டால், தன் மனசாட்சி கெடவில்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு மறு தரப்புக்குப் போகும். ஆனாலும் எழுத்தில் இருப்பதே நல்லது. எது ரகசியம் என்ற வாதத்துக்கே இடம் இராது.

1-ஆம் பகுதியில் எழுதிய மூன்றாவது பட்டியலை இங்கே பயன்படுத்துங்கள். “எல்லாத் தகவலும்” என்று எழுதுவதைவிட, வாடிக்கையாளர் பட்டியல், சப்ளை விலை, மசாலா அளவு, சம்பளக் கணக்கு என்று பெயர் சொல்லிவிட்டுப் பிறகு பொதுவாக ஒரு வரி சேருங்கள். யாரிடம் காட்டலாம் (கணக்காளர், வழக்கறிஞர்), எதற்கு மட்டும் பயன்படுத்தலாம் (இந்தப் பேரத்தை மதிப்பிட), பேச்சு முறிந்தால் எத்தனை நாளில் திருப்ப வேண்டும், எவ்வளவு காலம் காக்க வேண்டும் ஆகிய நான்குக்கும் பதில் இருக்கட்டும். இந்த அளவு தொழிலுக்கு இரண்டு ஆண்டு என்பது நியாயமாகப் படுகிறது. செய்முறைக்கு மட்டும் கால எல்லை இல்லாமல் கேட்கலாம்.

ஊழியரின் அடையாள அட்டை எண், கைப்பேசி எண் போன்றவற்றை இந்தக் கட்டத்தில் கொடுக்கவே வேண்டாம். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் தனியாகப் பொருந்தும். பெயரை மறைத்து, பதவியும் சம்பளமும் மட்டும் காட்டினாலே வாங்குபவர் கணக்குப் போட முடியும்.

இந்தத் தகவலை வைத்து ஊழியரை இழுப்பதும் நடக்கிறது. தலைமைச் சமையற்காரரைப் பேச்சு முறிந்தபின் ஆறு மாதம் வேலைக்கு அழைக்கக் கூடாது என்று ஒரு வரி எழுதினால், விற்பவர் தைரியமாகக் கதவைத் திறப்பார். காலத்தைக் குறுக்கமாகவும் ஆட்களைக் குறிப்பாகவும் வையுங்கள். அகலமாக எழுதினால் தொழிலுக்குத் தடை என்று நீதிமன்றம் ஒதுக்கிவிடலாம்.

7. செலவும் முன்பணமும்

பொதுவாக ‘அவரவர் செலவு அவரவருக்கு’ என்பதே பிரிவு. அதற்கு ஒரு விதிவிலக்கு எழுதுங்கள்: ‘வேறு யாரிடமும் பேச மாட்டேன்’ என்ற பிரிவை விற்பவர் மீறினால், வாங்குபவர் ரசீதோடு காட்டும் கணக்காளர், வழக்கறிஞர் செலவை 15,000 வெள்ளி வரை திருப்பித் தர வேண்டும்.

ஏன் ‘மீறினால் 50,000 வெள்ளி’ என்று மொத்தமாகப் போடக் கூடாது? 2020-இல் டெங்கா எதிர் செராயா வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம், ஒப்பந்த மீறலுக்கு முன்கூட்டியே குறிக்கும் தொகை உண்மையான இழப்பின் மதிப்பீடாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அது தண்டம், செல்லாது என்ற பழைய அளவுகோலை உறுதிசெய்தது. உண்மைச் செலவு, ரசீது, உச்சவரம்பு என்ற வடிவம் அந்தச் சோதனையில் மாட்டாது. தொகை சின்னது என்று தோன்றலாம். ஆனால் கையில் வரக்கூடிய தொகை.

முன்பணம் கொடுத்தால் அதற்குத் தனிப் பிரிவு அவசியம். 20,000 வெள்ளி கொடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். விற்பவரின் வங்கிக் கணக்கில் நேராகப் போட்டால், பேச்சு முறிந்ததும் “அது நாங்க ஒதுக்கி வச்சதுக்கு” என்பார். “முறையான ஒப்பந்தம் 45-ஆம் நாளுக்குள் கையெழுத்தாகாவிட்டால், காரணம் எதுவாக இருந்தாலும், 7 நாளில் முழுத் தொகையும் திரும்பும்” என்று எழுதுங்கள். வழக்கறிஞர் கணக்கில் வைப்பது இன்னும் பாதுகாப்பு. ஒப்பந்தம் ஆனால் அது விலையில் கழியுமா என்பதையும் சொல்லிவிடுங்கள்.

8. முடிவு, சட்டம், வழக்கு எங்கே

இவை சின்னப் பிரிவுகள். ஆனால் கட்டுப்படுத்த வேண்டியவை. எம்ஓயூ எப்போது முடிகிறது (45-ஆம் நாள், அல்லது முறையான ஒப்பந்தம் கையெழுத்தாகும் நாள், எது முதலில் வருகிறதோ அது), முடிந்த பிறகும் ரகசியம், செலவு, முன்பணப் பிரிவுகள் தொடரும், சிங்கப்பூர்ச் சட்டம், சிங்கப்பூர் நீதிமன்றம். எதிர்த் தரப்பு சென்னையிலோ கோலாலம்பூரிலோ இருந்தால், நடுவர் தீர்ப்பை அங்கே நிறைவேற்றுவது எளிதாக இருக்கும் என்பதால் சிங்கப்பூர் அனைத்துலக நடுவர் மன்றத்தைக் கேளுங்கள்.

“முதலில் இரு தரப்பு அதிகாரிகளும் சந்திக்க வேண்டும், பிறகு சமரசம், பிறகுதான் நடுவர்” என்று படிப்படியாக எழுத ஆசைப்பட வேண்டாம். எழுதினால் ஒவ்வொரு படியையும் கடக்க வேண்டியிருக்கும். 2013-இல் லுஃப்தான்சா சிஸ்டம்ஸ் வழக்கில், ஒப்பந்தம் சொன்ன சந்திப்புகள் முறைப்படி நடக்காததால் நடுவருக்கு அதிகாரமே இல்லை என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது.

9. கையெழுத்துக்குப் பிறகு

நன்றாக எழுதிய எம்ஓயூவை நடத்தையே அழித்துவிட முடியும். 2010-இல் பிரிட்டனின் உச்ச நீதிமன்றத்தில் ஆர்டிஎஸ் எதிர் முல்லர் வழக்கு வந்தது. தயிர் நிறுவனத்துக்குப் பொட்டல இயந்திரங்கள் செய்யும் வேலை. ஒப்பந்தம் கையெழுத்தானால்தான் கட்டுப்படுத்தும் என்ற வகை வார்த்தை வரைவில் இருந்தது. கையெழுத்தாகும் முன்பே வேலை தொடங்கியது, பணமும் கைமாறியது, பெரும்பாலான நிபந்தனைகளும் பேசி முடிந்திருந்தன. நடந்துகொண்ட விதத்தாலேயே அந்த வார்த்தையைக் கைவிட்டுக் கட்டுப்பட்டுவிட்டார்கள் என்றது நீதிமன்றம்.

நம் உணவகக்காரர் ஒப்பந்தத்துக்கு முன்பே சமையற்கூடத்திலிருந்து சோறு எடுத்து இரண்டு கிளைக்கும் அனுப்பத் தொடங்கினால், ஊழியருக்குச் சம்பளம் கொடுத்தால், அதே ஆபத்து அவருக்கும் உண்டு. அவசரமாக ஏதாவது செய்தாக வேண்டும் என்றால், அந்த ஒரு வேலைக்கு மட்டும் விலையும் நாளும் போட்டுத் தனிக் கடிதம் எழுதுங்கள். “இது எம்ஓயூவின் நிலையை மாற்றாது” என்று அதில் ஒரு வரி சேருங்கள்.

வாட்ஸ்ஆப், மின்னஞ்சல் இரண்டிலும் கவனம் வேண்டும். சிங்கப்பூரில் மின்னணுச் செய்தியாலும் ஒப்பந்தம் உருவாகலாம். “டன், 400-க்கு முடிச்சிடலாம்” என்று இரவில் அனுப்பும் ஒரு வரி, கவனமாக எழுதிய பிரிவோடு மோதும். பேச்சு நடக்கும் வரை விலையைச் சொல்லும் ஒவ்வொரு செய்தியிலும் ‘சப்ஜெக்ட் டு கான்ட்ராக்ட்’ என்று சேர்க்கும் பழக்கத்தை உங்கள் தரப்பில் பேசும் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள். 40-ஆம் நாளில் நாட்காட்டியில் ஒரு நினைவூட்டல் போடுங்கள்: நீட்டிப்பு வேண்டும் என்றால் 45-ஆம் நாள் முடியும் முன்பே எழுத்தில், இரு கையெழுத்தோடு வாங்கியாக வேண்டும். 46-ஆம் நாள் கேட்டால், விற்பவர் அன்று காலையிலேயே வேறொருவரோடு பேசத் தொடங்கியிருந்தாலும் நீங்கள் எதுவும் கேட்க முடியாது.